கேன்சர் வந்த பிறகும் சிகரெட்: அண்ணனின் சிகிச்சையில் பார்த்தது

"அதான் வந்துடுச்சே, இனி விட்டா என்ன, விடாட்டி என்ன?"

புற்றுநோய்ப் பிரிவு வாசலில் நாலு நாள் உட்கார்ந்தால் இந்த வாக்கியம் ஒரு தடவையாவது காதில் விழும். என் அண்ணனும் இதையேதான் சொன்னார். கேட்கும்போது மறுத்துப் பேச வாய் வராது. ஆளே உடைந்து போயிருக்கிறார், இருக்கிற ஒரே ஆறுதலையும் பிடுங்குவானேன் என்று தோன்றும். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் அப்படித்தான் சொன்னார்கள், "விடுங்கப்பா, பாவம்" என்று.

சிகரெட் நோயைக் கொண்டுவந்ததோடு தன் வேலையை முடித்துக்கொள்வதாக நாம் நினைக்கிறோம். அது அங்கே நிற்பதில்லை. அறுவை சிகிச்சை செய்த இடத்தில் தையல் பிடிக்கிறதா, ரேடியேஷன் கட்டியைக் கொல்கிறதா, உள்ளே போன மருந்து உடம்பில் தங்குகிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் அது குறுக்கே வருகிறது. அண்ணன் விஷயத்தில் இதை நாங்கள் கட்டம் கட்டமாகப் பார்த்தோம்.

அண்ணனுக்கு அப்போது 54 வயது. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு சிறிய பாக்கெட், அதாவது சுமார் 20 சிகரெட். சர்க்கரையும் உண்டு. கீழ்த்தாடையில் இடதுபக்கக் கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்தது. பல் டாக்டர் பிடுங்கினார். பிடுங்கிய குழி ஆறவே இல்லை, ஓரத்தில் சதை தடித்துக்கொண்டே வந்தது. பயாப்ஸியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற வகை வாய்ப் புற்று என்று வந்தது. சி.டி. எடுத்ததில் கட்டி தாடை எலும்பை அரித்து உள்ளே போயிருந்தது தெரிந்தது. எலும்புக்குள் போய்விட்டாலே நான்காம் நிலை என்று எழுதிவிடுவார்கள். அதைப் பார்த்து அண்ணி மயங்கி விழாத குறை. ஆனால் வாய்ப் புற்றில் நான்காம் நிலைக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. வேறு உறுப்புகளுக்குப் பரவாமல், வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் குணமாக்கும் நோக்கத்தோடுதான் சிகிச்சை கொடுப்பார்கள். அண்ணனுக்கும் அப்படித்தான் திட்டம் போட்டார்கள். தாடையில் ஒரு துண்டையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுப்பது, காலிலிருந்து ஃபிபுலா எலும்பைத் தோலும் ரத்தக்குழாயுமாக வெட்டி எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைப்பது, அப்புறம் ரேடியேஷன்.

ஸ்கேன், இதயப் பரிசோதனை, காப்பீட்டு அனுமதி என்று அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் போல இடைவெளி இருந்தது. இந்த இடைவெளிதான் முக்கியமானது என்று எங்களுக்கு அப்போது யாரும் அழுத்திச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது: அறுவை சிகிச்சைக்கு நாலு வாரம் முன்பாகவே புகையை விட்டவர்களுக்குச் சிக்கல்கள் குறைவு, அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு வாரத்துக்கும் பலன் கூடுகிறது. கேன்சருக்கு நாலு வாரம் காத்திருக்க முடியாதே என்றால், கிடைக்கிற நாட்கள் எத்தனையோ அத்தனை. திடீரென்று விட்டால் சளி கட்டிக்கொண்டு ஆபரேஷனில் ஆபத்து என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் பிற்பாடு கேட்டேன். அதற்கு ஆதாரம் கிடையாது, முந்தின நாள் விட்டாலும் லாபம்தான் என்றார்.

ஓ.பி.யில் டாக்டர் கேட்டபோது அண்ணன் சொன்ன பதில், "விட்டுட்டேன் சார்." பக்கத்தில் அண்ணி, மூத்த மகள், நான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே வேறென்ன சொல்லுவார்? கேள்வியும் அப்படித்தான் வந்தது, "இன்னும் பிடிக்கிறீங்களா?" என்று, ஒரு வாத்தியார் கேட்கிற குரலில். கேஸ் ஷீட்டில் "நிறுத்திவிட்டார்" என்று எழுதினார்கள். உண்மையில் அட்மிஷனுக்கு முந்தின ராத்திரி வரை மொட்டை மாடியில் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டறைப் பையன் வாங்கிக் கொடுத்தான்.

இந்தப் பொய்யின் முதல் விலை ஐ.சி.யூ.விலேயே தெரிந்தது. பத்து மணி நேர அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் இரண்டாம் நாள் இரவு அண்ணன் ஒரே அமளி. கைகால் பரபரக்கிறது, மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூபைப் பிடுங்கப் பார்க்கிறார், மூச்சு விடத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த டிரக்கியாஸ்டமி இருப்பதால் பேசவும் முடியாது. கைகளைக் கட்டிப் போட்டார்கள். டியூட்டி டாக்டர், தினமும் தண்ணி அடிக்கிற ஆளா என்று எங்களைக் கேட்டார். அண்ணனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஒரு மூத்த நர்ஸ்தான் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுங்கம்மா, சிகரெட்டைக் கடைசியா எப்பப் பிடிச்சாரு?" என்று கேட்டார். நிக்கோட்டின் கிடைக்காத தவிப்பு முதல் மூன்று நாலு நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். அதோடு ஆபரேஷன் வலி, தூக்கமின்மை, மயக்க மருந்தின் மிச்சம் எல்லாம் சேர்ந்துகொண்டால், எது எதனால் என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கும் முடியாது. முன்பே தெரிந்திருந்தால் அதற்கேற்ற ஏற்பாடு செய்திருப்பார்கள்.

தாடையில் வைத்த சதைக்கு டாக்டர்கள் ஃபிளாப் என்பார்கள். காலில் இருந்து வந்த அந்தத் துண்டு, கழுத்தில் ஒரு சின்ன தமனியோடும் சிரையோடும் மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்த இணைப்பை நம்பித்தான் உயிரோடு இருக்கிறது. முதல் சில நாட்கள் மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அவ்வப்போது டாக்டர் ஊசி முனையால் லேசாகக் குத்துவார். பளிச்சென்று சிவப்பு ரத்தம் வந்தால் சரி. கருநீலமாக உடனே பொங்கி வந்தால் சிரை அடைத்திருக்கிறது. ரத்தமே வராமல் வெளுத்திருந்தால் தமனி. அப்படி ஆனால் நடுராத்திரியானாலும் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டு போவார்கள். ஒவ்வொரு தடவை குத்தும்போதும் அண்ணி கண்ணை மூடிக்கொள்வார், நான் நிறத்தைப் பார்த்துச் சொல்லுவேன்.

ஃபிளாப் பிழைத்தது. பிரச்சினை வந்தது கழுத்துத் தையலில். வார்டுக்கு மாற்றிய சில நாளில் தையல் ஓரம் சிவந்து கன்றியது. அப்புறம் டிரெயின் குழாயில் தெளிவாக, வழவழப்பாக ஏதோ வந்தது. எச்சில். வாய்க்குள் போட்ட தையல் ஓரிடத்தில் விட்டுப்போய், எச்சில் கழுத்துக்குள் இறங்கி வெளியே வழி தேடிக்கொண்டது. ஃபிஸ்டுலா என்றார்கள். தினமும் கட்டைப் பிரித்து, குழிக்குள் மருந்துத் துணியை அடைத்து, திரும்பக் கட்ட வேண்டும். வாய் வழியாகத் தண்ணீர்கூடக் கிடையாது, எல்லாம் டியூபில்தான்.

சிகரெட்டினால்தான் இப்படி ஆனதா என்று சர்ஜனிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "அது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். சர்க்கரை இருக்கு, எப்பவும் எச்சில் படுற இடம், சிகரெட்டே பிடிக்காதவங்களுக்கும் இது வரும். ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி நாம மாத்தியிருக்கக்கூடிய காரணங்கள்ல பெருசு அதுதான்." நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக. தையல் ஓரத்துச் செல்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. புண்ணை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் நன்றாக உருவாவதில்லை. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் மந்தமாகின்றன.

புண் ஆறத் தாமதமானது வெறும் தொல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. இந்த வகைப் புற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி. கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் செல்கள் பெருகுவதற்கு முன் அவற்றைப் பிடித்துவிட வேண்டும். திறந்த புண் மேல் ரேடியேஷன் கொடுக்க முடியாது. அண்ணனுக்கு அந்த ஆறு வாரம் தாண்டிவிட்டது. புகை, புண், தாமதம், திரும்ப வரும் அபாயம் என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவதை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

இதற்கிடையில் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அண்ணன், மூக்கில் டியூபோடு, கழுத்தில் கட்டோடு, திரும்பப் பிடிக்க ஆரம்பித்தார். உதடு ஒரு பக்கம் மூடாது. மூடுகிற பக்கத்தில் வைத்து இழுப்பார். பார்த்தவர்களுக்குக் கோபம்தான் வரும். அண்ணிக்கும் வந்தது, வீட்டில் தினமும் சண்டை. சண்டை போட்டால் மாடிக்குப் போய்ப் பிடித்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

காரணம் என்ன என்று ரொம்ப நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. கேட்டால் சிரிப்பு வரும். "ஒரு தம் அடிச்சாத்தான் வயிறு கழியுது." முப்பது வருஷமாகக் காலையில் டீ, சிகரெட், அப்புறம் கக்கூஸ் என்ற வரிசையில் பழகிய உடம்பு. வலிக்குக் கொடுத்த டிரமடால் மாத்திரை மலத்தைக் கட்டும். புகையை விடுவதும் முதல் சில வாரங்களுக்கு மலத்தைக் கட்டும். நாலு நாள் வயிறு கழியாமல் தவித்தவர் ஐந்தாம் நாள் ஒன்றைப் பற்றவைத்தார். மன உறுதி இல்லை, பொறுப்பு இல்லை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்கு மருந்து லாக்டுலோஸ் சிரப். வாங்கிக் கொடுத்த பிறகு காலைச் சிகரெட்டுக்கு அவரிடம் சாக்கு இல்லாமல் போனது.

ரேடியேஷனை எங்கள் பக்கத்தில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அண்ணனுக்கு 30 கரண்ட், மொத்தம் 60 கிரே, திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம். அந்தப் பிரிவு டாக்டரம்மா கேட்ட விதமே வேறாக இருந்தது. எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனிடம், "நேத்து எத்தனை பிடிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறார். பிடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. எத்தனை என்றால் எண் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டார். எட்டு. அப்புறம் கைக்கு அடக்கமான ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று காட்டும் மீட்டர் அது. பத்துக்கு மேல் காட்டினால் அன்று புகைத்திருக்கிறார் என்று பொருள். அண்ணனுக்குப் பதினாலு. திட்டாமல், அந்த எண்ணைக் காட்டி டாக்டரம்மா விளக்கியதை அண்ணன் இன்றைக்கும் திருப்பிச் சொல்லுவார்.

கரண்ட் புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. அந்த உடைப்பைச் சரிசெய்ய முடியாதபடி நிலைக்க வைப்பது ஆக்சிஜன். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரை கரண்ட் தேவைப்படும். புற்றுக் கட்டிக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு, இதில் வாசலில் நின்று ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டு மெஷினில் போய்ப் படுத்தால், அன்றைய கரண்டில் ஒரு பங்கை நாமே வீணடிக்கிறோம். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஒரு நாள் முழுக்கப் பிடிக்காமல் இருந்தாலே ஏறக்குறைய போய்விடும். முப்பது வருஷம் பிடித்ததை ஒரே நாளில் அழிக்க முடியாது, ஆனால் நாளைய கரண்டை நாளைக்கே முழுசாக வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் மாதிரி கணக்குப் போடும் ஆளுக்கு இந்தப் பேச்சு ஏறியது. எங்கள் கெஞ்சல் எதுவும் ஏறியதில்லை.

இது வெறும் தியரியும் இல்லை. கனடாவில் முற்றிய நிலைத் தலை, கழுத்துப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்த 115 பேரைக் கவனித்து 1993-ல் ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சையின்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாக மறைந்தது. புகைக்காமல் இருந்தவர்களில் அது 74 சதவீதம். இரண்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 39, 66 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் இந்தத் துறையில் இன்றைக்கும் எடுத்துச் சொல்லப்படுவது.

நிறுத்தியது எப்படி என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைக்கும். அதை மிட்டாய் போல மென்று துப்பக் கூடாது, காரம் தெரியும் வரை மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். வாயில் ஆபரேஷன் செய்து கரண்ட் வைக்கப் போகிறவருக்கு இது ஆகாது. ஆகவே தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் பிடித்துப் பழகியவர்களுக்கு வழக்கமாக 21 மில்லிகிராம் பேட்சில் தொடங்குவார்கள், வாரக்கணக்கில் 14, 7 என்று இறக்குவார்கள். ஆள் பாதியாக மெலிந்திருந்தாலும் அண்ணனின் பழைய கணக்கை வைத்து 21-லேயே தொடங்கினார்கள். கழுத்து, தோள் எல்லாம் கரண்ட் படும் இடம், அங்கே ஒட்டக் கூடாது. மேல்கை வெளிப்புறம், இடுப்பு என்று தினமும் இடம் மாற்றி அண்ணி ஒட்டிவிடுவார். ராத்திரி கெட்ட கனவு வருகிறது என்றார். படுக்கும்போது கழற்றிவிடச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தைத்து ஃபிளாப் வைத்த புதிதில் பேட்ச் வேண்டுமா வேண்டாமா என்பதை சர்ஜன்தான் முடிவு செய்ய வேண்டும். நிக்கோட்டின் தனியாகவும் குழாயைச் சுருக்கும் என்பதால் சிலர் அந்த நாட்களில் தவிர்ப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் புகையைவிடப் பேட்ச் மேல்.

மாத்திரைகளும் உண்டு. வெரனிக்ளின் என்ற மாத்திரையை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் தருவார்கள். அதில் குமட்டல் வரும், கீமோ எடுப்பவர்கள் கீமோவின் குமட்டல் என்று நினைத்துக் குழம்பிக்கொள்வார்கள். புப்ரோபியான் என்று இன்னொன்று. மூளைக்குப் புற்று பரவியவர்களுக்கு அதனால் வலிப்பு வரலாம் என்பதால் கொடுக்க மாட்டார்கள். மார்பகப் புற்றுக்கு டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கும் ஆகாது, டமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை அது தடுக்கும். ஆகவே இந்த மாத்திரைகளை யாரோ சொன்னார்கள் என்று வாங்கக் கூடாது, கேன்சர் டாக்டருக்குத் தெரிந்தே எடுக்க வேண்டும்.

டீ விஷயம் யாருக்கும் தெரிவதில்லை. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலின் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. அந்த நொதிதான் டீ, காபியில் உள்ள காஃபினையும் கரைக்கிறது. புகையை நிறுத்தினால் நொதி அடங்கிவிடும், அதே டீயில் காஃபின் ரத்தத்தில் அதிகம் தங்கும். படபடப்பு, தூக்கமின்மை வரும். சிகரெட்டை விட்டதால் வந்தது என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பார்கள். டீயைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

இதே நொதி சில கேன்சர் மருந்துகளையும் கரைக்கும். கரண்ட் வைக்கக் காத்திருக்கும் வராந்தாவில் பழக்கமான ஒரு பெரியவர் நுரையீரல் புற்றுக்கு எர்லோட்டினிப் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பீடி விடவில்லை. புகைப்பவர்கள் உடம்பில் அந்த மாத்திரை ஏறக்குறைய பாதி அளவுதான் தங்கும். மாத்திரை சரியாகத்தான் போடுகிறேன், பருகூட வரவில்லை, நல்ல மருந்து என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் பரு போலத் தடிப்பு வருவது அந்த மருந்து உடம்பில் போதுமான அளவு இருப்பதற்கு ஓர் அடையாளம் என்று அவருடைய டாக்டர் சொன்ன பிறகுதான் சந்தோஷம் போனது. எல்லாக் கேன்சர் மருந்துக்கும் இப்படி என்று சொல்ல முடியாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரப்பியில் சில வகைப் புற்றுகளில் புகைத்தவர்களுக்கு மருந்து நன்றாகவே கேட்பதும் உண்டு. அது பழைய புகை கட்டியில் ஏற்படுத்திய மரபணு மாற்றங்கள் அதிகம் இருப்பதால். இப்போது பிடிக்க அது ஒரு காரணம் ஆகாது.

அண்ணன் ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் எட்டை மூன்றாகக் குறைத்தார், நாங்களும் பெருமைப்பட்டோம். மீட்டரில் எண் பெரிதாக இறங்கவில்லை. எண்ணிக்கை குறைந்தால் இழுப்பு ஆழமாகும், உதட்டைச் சுடும் வரை பிடிப்பார்கள், உடம்பு தனக்கு வேண்டிய நிக்கோட்டினைக் கணக்காக எடுத்துக்கொள்ளும். பட்டறை நண்பர் ஒருவர் பொட்டலப் புகையிலையை வாயில் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார், புகை இல்லையே என்று. வாய்ப் புற்றுக்கு ஆபரேஷன் ஆன வாயில்! அவரை அண்ணி அனுப்பி வைத்த விதத்தை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் வாரக் கரண்டில் வாய்ப்புண் வந்தது. நாக்கும் கன்னமும் வெந்துபோய், எச்சில் விழுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். இது புகைக்காதவர்களுக்கும் வரும். புகைத்தால் கடுமையாகும், ஆற நாளாகும். சிலர் தாங்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுவார்கள். இடையில் விடும் நாட்களில் புற்றுச் செல் திரும்ப வளரும், பிறகு ஈடுகட்டுவது கடினம். புண் வந்த வாரத்தில்தான் மிச்சமிருந்த மூன்றையும் அண்ணன் விட்டார். வலியும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் பேட்ச் ஒட்டியிருந்ததால் வலி தணிந்த பிறகும் திரும்பப் போகவில்லை. 30 கரண்டையும் இடைவெளி இல்லாமல் முடித்தார்.

இவ்வளவு தாமதமாக விட்டு ஆயுள் கூடுமா என்று அண்ணி ஒரு நாள் கேட்டார். மாஸ்கோவில், ஆரம்ப நிலை நுரையீரல் புற்று கண்டுபிடிக்கப்பட்ட அன்று புகைத்துக்கொண்டிருந்த 517 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2021-ல் வெளியானது. நோய் தெரிந்த பிறகு விட்டவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் 60.6 சதவீதம், விடாதவர்களில் 48.6 சதவீதம். உயிரோடு இருந்த காலம் நடுமட்டக் கணக்கில் விட்டவர்களுக்கு 6.6 வருஷம், விடாதவர்களுக்கு 4.8 வருஷம். விடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பார்த்துக்கொள்பவர்களாக இருக்கலாம், அதனால் முழு வித்தியாசமும் புகையால் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் முன்பு எவ்வளவு பிடித்தவர், நோய் எந்த நிலை என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது. புற்று திரும்ப வருவதும் விட்டவர்களிடம் குறைந்தது. ஒரு கீமோ மருந்து இத்தனை மாதம் கூட்டினால் பத்திரிகையில் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

இப்போது அண்ணன் பட்டறைக்குப் போகிறார். இட்லி, ரசம் சாதம் போன்றவைதான் சாப்பிட முடியும், எச்சில் ஊறுவது குறைவு, கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில். செக்கப்பில் வாய், கழுத்து பார்ப்பதோடு தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள், கழுத்தில் கரண்ட் பட்டால் அது மந்தமாகும். கரண்ட் பட்ட தாடையில் பல் பிடுங்க வேண்டுமென்றால் முதலில் கேன்சர் டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு, புகைத்தால் அது இன்னும் கூடும். புகை பட்ட வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாமே ஒரே நிலம் என்பதால் புதிதாக இன்னொரு புற்று முளைக்கிறதா என்றும் தேடுகிறார்கள்.

நடுவில் ஒரு கல்யாண வீட்டில் நண்பர்களோடு இரண்டு பிடித்துவிட்டு வந்தார். மறுநாள் அவரே டாக்டரம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டார். திட்டவில்லை, இன்னும் சில வாரத்துக்கு 14 மில்லிகிராம் பேட்ச் எழுதிக் கொடுத்தார். வெளியூரில் இருப்பவர்கள், டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுபவர்கள் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை உதவி எண்ணைக் கூப்பிடலாம். இலவசம், சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும், தமிழிலும் பேசலாம். கூப்பிடும்போது எந்தக் கேன்சர், என்ன சிகிச்சை நடக்கிறது, எந்த மருந்து எடுக்கிறோம் என்று கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.